‘அனுப்பு’ பொத்தான் தானாக அனுப்பாது

ஒரு குடியிருப்போர் சங்கம் உறுப்பினர் விவரங்களைத் திரட்டப் பிடிஎஃப் படிவம் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், வீட்டு எண், கைபேசி எண், வண்டி எண் ஆகியவற்றுக்குக் கட்டங்கள். கீழே ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் நிரப்பிய விவரம் செயலாளரின் மின்னஞ்சலுக்கு வந்துவிட வேண்டும். பொத்தானை வைப்பது சின்ன வேலைதான். படிவம் பல வீடுகளுக்குப் போன பிறகுதான், “அழுத்தினேன் சார், ஒண்ணுமே நடக்கலையே” என்ற புகார்கள் வரத் தொடங்கும்.

முதலில் வைக்கும் முறை. கட்டணம் செலுத்திப் பெறும் அடோபி அக்ரோபேட் புரோவில் Prepare a form கருவியைத் திறந்து, பொத்தானைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வரைய வேண்டும். அதன் Properties பெட்டியில் Actions என்ற பகுதிக்குப் போனால், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு கேள்விகள். முதலாவதற்கு Mouse Up, இரண்டாவதற்கு Submit a form. Add அழுத்தியதும் முகவரி கேட்கும். பலர் இங்கே வெறும் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். முன்னால் mailto: என்பது இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது மின்னஞ்சல் என்று மென்பொருளுக்குத் தெரியாது. கடிதத்தின் தலைப்பையும் அதிலேயே சேர்க்கலாம்:

```
mailto:office@example.org?subject=Membership
```

எல்லாப் பதில்களும் ஒரே தலைப்போடு வந்தால், செயலாளர் அவற்றைத் தனியாகப் பிரித்துவைப்பது எளிது.

இனி அந்தப் புகாருக்கு வருவோம். இந்தப் பொத்தான் கடிதத்தை அனுப்புவதில்லை. நிரப்பிய விவரத்தை இணைப்பாக வைத்து, நிரப்பியவரின் கணினியிலுள்ள மின்னஞ்சல் செயலியிடம் ஒப்படைக்கிறது. அங்கே கடிதம் தயாராக நிற்கும். ‘செண்ட்’ கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவுட்லுக் போன்ற செயலி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. உலாவியில் மட்டும் ஜிமெயில் பார்ப்பவருக்கு, எந்தச் செயலி வழியாக, எந்தக் கணக்கிலிருந்து அனுப்பலாம் என்று கேட்கும் பெட்டி வரும். அதைப் பார்த்துக் குழம்பி மூடிவிடுபவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. படிவத்தைக் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குள்ளேயே திறந்தால் கட்டங்களை நிரப்ப முடியும். பொத்தானும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அழுத்தினால் மின்னஞ்சல் கிளம்பும் என்று நம்ப முடியாது. கைபேசியில் திறந்தாலும் அதே நிலைதான். பொத்தான் பழுதா, திறந்த இடம் தவறா என்று அறிய, அதே கோப்பைக் கணினியில் இறக்கி இலவச அக்ரோபேட் ரீடரில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் படிவத்தில் குறையில்லை.

எந்த வடிவில் அனுப்புவது என்பதையும் அதே முகவரிப் பெட்டி கேட்கிறது. எஃப்டிஎஃப் என்பது கட்டங்களின் பெயரையும் நிரப்பிய விவரத்தையும் மட்டும் கொண்ட சிறு கோப்பு. படிவத்தோடு சேர்த்து அக்ரோபேட்டில் திறந்தால்தான் அது படிக்கும்படி இருக்கும். கைபேசியில் பார்க்கும் செயலாளருக்குப் பயன்படாது. முழு ஆவணத்தையும் பிடிஎஃப் ஆகவே அனுப்புவது இன்னொரு வழி. பழைய ரீடர்களில், படிவத்துக்குத் தனி அனுமதி சேர்த்திருந்தால்தான் நிரப்பியதைச் சேமிக்கவே முடியும். 2012இல் வந்த ரீடர் 11 முதல் அந்தத் தடை தளர்ந்தது. ஆகவே சங்கம் போன்ற இடங்களுக்கு முழு பிடிஎஃப் தான் என் தேர்வு. அனுப்பியவரிடமும் பார்க்கத்தக்க நகல் ஒன்று இருக்கும்.

வந்து குவிந்த பிடிஎஃப்களை ஒவ்வொன்றாகத் திறந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அக்ரோபேட் புரோவே அவற்றிலுள்ள விவரங்களை ஒரே அட்டவணையாகத் திரட்டித் தரும். கட்டங்களுக்குக் கொடுத்த பெயர்களே அங்கே நிரல்களின் தலைப்பாகும். தானாக வரும் Text1, Text2 என்ற பெயர்களை மாற்றாமல் விட்டிருந்தால், எது வீட்டு எண், எது வண்டி எண் என்று தேட வேண்டிவரும். பெயர், வீட்டு எண் கட்டங்களுக்கு Required என்பதையும் குறித்துவையுங்கள். அவை காலியாக இருந்தால் பொத்தான் எச்சரித்து நிறுத்திவிடும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இந்த வழியில் போகும் கோப்புக்குப் பூட்டு எதுவும் இல்லை. அனுப்பியவர், பெற்றவர் இருவரின் அஞ்சல் பெட்டியிலும் அது அப்படியே கிடக்கும். ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவற்றை இந்தப் படிவத்தில் கேட்காதீர்கள்.

பொத்தானுக்கு மேலே மூன்று வரி அச்சிட்டுவிடுங்கள்: கோப்பை இறக்கி அக்ரோபேட் ரீடரில் திறக்கவும், அழுத்தியதும் வரும் கடிதத்தில் ‘செண்ட்’ கொடுக்கவும், பொத்தான் இயங்காவிட்டால் சேமித்து இந்த முகவரிக்கு இணைப்பாக அனுப்பவும். பிறகு, படிவத்தைத் தயாரித்த கணினியில் அல்லாமல் வேறொருவர் கணினியில் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு ஊருக்குக் கொடுங்கள்.