அடுத்த புள்ளி எங்கிருந்து? ஆட்டோகேடில் கோடு வரையும் ஆயத்தொலைவுகள்

ஆட்டோகேடில் கோடு வரைய `LINE` என்றோ அதன் சுருக்கமான `L` என்றோ தட்டி என்டர் அழுத்த வேண்டும். மென்பொருள் முதலில் தொடக்கப் புள்ளியைக் கேட்கும். பிறகு அடுத்த புள்ளியை, அதற்கும் அடுத்த புள்ளியை என்று, நிறுத்தச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். புள்ளியை மவுஸால் சுட்டிக் காட்டலாம். ஆனால் உத்தேசமாகச் சுட்டினால் கோடும் உத்தேசமாகத்தான் அமையும். அளவு துல்லியமாக இருக்க வேண்டிய இடத்தில் ஆயத்தொலைவுகளை எண்ணாகவே தட்டித் தருவது வழக்கம். அந்த எண்களை எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதில்தான் அப்சல்யூட் முறையும் ரிலேட்டிவ் முறையும் பிரிகின்றன.

அப்சல்யூட் முறையில் எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்திலிருந்து அளக்கப்படுகின்றன. அந்த இடம் ஆதிப்புள்ளி, அதாவது `0,0`. `50,40` என்று தட்டினால் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 50 அலகும் மேல்நோக்கி 40 அலகும் தள்ளி உள்ள இடம் என்று பொருள். இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கழித்தல் குறி பெறும். இதற்கு முன் எந்தப் புள்ளி தரப்பட்டிருந்தாலும் `50,40` குறிக்கும் இடம் மாறாது.

ரிலேட்டிவ் முறையில் ஒவ்வொரு புள்ளியும் கடைசியாகத் தந்த புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது. எண்களுக்கு முன்னால் `@` குறி இடுவது இதற்கான அடையாளம். `@50,40` என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் 50, மேல்நோக்கி 40. கடைசிப் புள்ளி மாறினால் இதே எண்கள் வேறோர் இடத்தைக் குறிக்கும்.

இரண்டையும் ஒரே உருவத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 120 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் வலது மேல் மூலை மட்டும் இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் வரும்படி சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. இடது கீழ் மூலையை `50,40` என்ற இடத்தில் வைத்து, அங்கிருந்து வலப்புறமாகத் தொடங்கிச் சுற்றி வந்தால் அப்சல்யூட் முறையில் தட்ட வேண்டியவை இவை:

```
LINE
50,40
170,40
170,90
140,120
50,120
C
```

கடைசியில் உள்ள `C`, தொடங்கிய புள்ளிக்கே கோட்டைக் கொண்டுபோய் உருவத்தை மூடுகிறது. இங்கே ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சிறு கணக்கு தேவைப்பட்டிருக்கிறது. தகட்டின் அகலம் 120 என்றாலும் தட்டிய எண் 170. 50-உடன் 120-ஐக் கூட்டி அது வந்தது. வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவு நேராக விசைப்பலகைக்கு வருவதில்லை.

அதே தகடு ரிலேட்டிவ் முறையில்:

```
LINE
50,40
@120,0
@0,50
@-30,30
@-90,0
C
```

முதல் புள்ளி மட்டும் அப்சல்யூட். உருவம் எங்கே அமர வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. மற்றவை தகட்டின் பக்க அளவுகளே. 120 அகலத்துக்கு 120 என்றே தட்டப்படுகிறது. சாய்ந்த பக்கம் இடப்புறம் 30, மேலே 30 என்பதால் `@-30,30`. இந்தத் தகட்டை வேறோர் இடத்தில் வரைய வேண்டுமானால் முதல் வரியை மட்டும் மாற்றினால் போதும்.

நீளமும் கோணமும் தெரிந்த பக்கத்துக்கு மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு: `@` குறி, நீளம், `<` குறி, கோணம். இது போலார் முறை எனப்படுகிறது. `@100<60` என்றால் கடைசிப் புள்ளியிலிருந்து 60 பாகைத் திசையில் 100 அலகு. வழக்கமான அமைப்பில் வலப்பக்கம் 0 பாகை. கோணம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வளரும். ஆகவே மேலே 90, இடப்பக்கம் 180, கீழே 270. கீழ்நோக்கிச் சாயும் திசையை `<315` என்றும் `<-45` என்றும் ஒன்றுபோலவே சொல்லலாம்.

இந்த வழக்கத்தை `UNITS` கட்டளையில் மாற்றி வைக்க முடியும். வடக்கை 0 பாகையாகவும் கோணம் கடிகாரத் திசையில் வளர்வதாகவும் அமைத்த கோப்பு கைக்கு வந்தால், `@100<90` மேலே போகாமல் வலப்பக்கம் போகும். புதிய கோப்பில் ஒரு கோட்டை இப்படி வரைந்து பார்த்தாலே அமைப்பு தெரிந்துவிடும்.

தகட்டின் சாய்ந்த பக்கத்தையும் போலார் முறையில் தரலாம். அது 135 பாகைத் திசையில் செல்கிறது. நீளம் 30-இன் √2 மடங்கு, அதாவது ஏறத்தாழ 42.4264. இங்கே ஒரு கவனம் வேண்டும். நீளத்தை 42.43 என்று சுருக்கி `@42.43<135` எனத் தட்டினால் கோடு 30-க்குப் பதில் சுமார் 30.0025 நகர்கிறது. அடுத்த `@-90,0` அந்தப் பிழையையும் சுமந்துகொண்டே போகிறது. கடைசியில் `C` தட்டும்போது இடது பக்கக் கோடு மிக மெல்லச் சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. `LIST` கட்டளையில் அந்தக் கோட்டைக் காட்டினால் `Delta X` என்ற இடத்தில் 0 இருக்க வேண்டியதற்கு 0.0025 இருக்கும். அதனால் கிடைமட்ட அளவும் செங்குத்து அளவும் முழு எண்ணாகத் தெரியும்போது `@-30,30` வடிவமே சரி. வரைபடமே நீளத்தையும் கோணத்தையும் தரும்போது போலார் வடிவம் சரி.

பிழை எப்படிப் பரவுகிறது என்பதிலும் இரு முறைகளும் வேறுபடுகின்றன. அப்சல்யூட் முறையில் 170,40-க்குப் பதில் 152,40 என்று தவறிவிட்டால் அந்த ஒரு மூலை மட்டும் இடம் மாறும். அதைத் தொடும் இரண்டு கோடுகள் கெடும். மற்ற மூலைகள் தத்தம் இடத்திலேயே இருக்கும். ரிலேட்டிவ் முறையில் `@120,0` என்பது `@102,0` ஆகிவிட்டால் பின்வரும் எல்லா மூலைகளும் 18 அலகு இடப்பக்கம் நகர்ந்துவிடும். கடைசி மூலை 50,120-இல் அமையாமல் 32,120-இல் அமையும். மூடும் கோடு செங்குத்தாக நிற்காமல் சாயும். மூடும் கோடு எதிர்பார்த்த திசையில் இல்லையென்றால் நடுவில் எங்கோ ஓர் எண் தவறியிருக்கிறது என்று பொருள்.

இதைத் தட்டுவதற்கு முன்பே தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். மூடிய உருவத்தில் வலப்பக்கம் போன தூரமும் இடப்பக்கம் வந்த தூரமும் ஈடாக வேண்டும். மேலே போனதும் கீழே வந்ததும் அப்படியே. நம் தகட்டில் 120, −30, −90 ஆகியவற்றைக் கூட்டினால் 0. மேல்நோக்கி 50-உம் 30-உம் சேர்ந்து 80; மூடும் கோடு அந்த 80-ஐக் கீழே இறக்குகிறது. வரையும்போதே தவறு கண்ணில் பட்டால் கட்டளையை விட்டு வெளியேறத் தேவையில்லை. `U` என்று தட்டினால் கடைசிப் புள்ளி மட்டும் நீங்கும். சரியான எண்ணைத் தந்து தொடரலாம்.

புதிதாகக் கற்பவர்களைப் பெரிதும் குழப்புவது வேறொன்று. 2006 பதிப்பில் டைனமிக் இன்புட் என்ற வசதி வந்தது. தட்டும் எண்கள் மவுஸ் குறியின் அருகிலேயே ஒரு சிறு பெட்டியில் தோன்றும். `F12` விசை இதை இயக்கும், அணைக்கும். இது இயங்கும்போது முதல் புள்ளி அப்சல்யூட்டாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் இரண்டாம் புள்ளி முதல் அந்தப் பெட்டியில் தட்டும் எண்கள், `@` குறி இல்லாவிட்டாலும், ரிலேட்டிவாகவே படிக்கப்படும். வழக்கமான அமைப்பு இதுதான்.

ஆகவே டைனமிக் இன்புட் இயங்கும்போது மேலே தந்த அப்சல்யூட் பட்டியலை அப்படியே தட்டினால் தகடு வராது. `50,40`-க்குப் பின் `170,40` தட்டியதும் கோடு கிடைமட்டமாகப் போகாமல் மேல்நோக்கிச் சாய்ந்து 220,80-இல் போய் நிற்கும். அடுத்த `170,90` அதை 390,170-க்குக் கொண்டுபோகும். மூலைகள் வலது மேற்புறமாக ஓடிக்கொண்டே இருந்தால் காரணம் இதுவே. தீர்வு, எண்ணுக்கு முன்னால் `#` குறி இடுவது: `#170,40` என்றால் அப்சல்யூட். `F12` அழுத்தி வசதியை அணைத்துவிட்டால் `#` இல்லாமலே பழைய முறையில் தட்டலாம்.

வசதி அணைந்திருக்கும்போது இதற்கு நேரெதிரான தவறு நேரும். `@` குறியை மறந்து `120,0` என்று மட்டும் தட்டினால் மென்பொருள் அதை ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கும். 50,40-இலிருந்து புறப்பட்ட கோடு வலப்பக்கம் 70-உம் கீழ்நோக்கி 40-உம் இறங்கி 120,0-ஐத் தொடும். `@` குறி இரண்டு நிலைகளிலும் ஒரே பொருள் தருவதால், ரிலேட்டிவ் புள்ளிகளுக்கு அதை எப்போதும் இடுவது இந்தத் தவறைத் தவிர்க்கும்.

தட்டும் விதத்திலும் ஒரு விதி உண்டு. கமா இரண்டு எண்களைப் பிரிக்கிறது. தசமத்துக்குப் புள்ளி மட்டுமே. ஆகவே ஆயிரத்துக்குக் கமா போடக் கூடாது: `1,200` என்பது ஆயிரத்து இருநூறு அல்ல, ஒன்று வலப்பக்கம், இருநூறு மேலே. கமாவுக்குப் பின் இடைவெளி விடுவதும் கூடாது. ஆட்டோகேடில் ஸ்பேஸ் பார் என்டரின் வேலையைச் செய்வதால் இரண்டாம் எண்ணைத் தட்டுவதற்குள் உள்ளீடு முடிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ள உருவத்திலிருந்து அளந்து புதிய கோட்டைத் தொடங்கவும் ரிலேட்டிவ் முறை உதவும். தகட்டின் இடது கீழ் மூலையிலிருந்து உள்ளே 20, மேலே 20 தள்ளி ஒரு கோடு தொடங்க வேண்டும் என்று கொள்வோம். `ID` கட்டளையில் அந்த மூலையைச் சுட்டினால் மென்பொருள் அதன் ஆயத்தொலைவைக் காட்டும். அதையே கடைசிப் புள்ளியாகவும் நினைவில் வைக்கும். பிறகு `LINE` கேட்கும் முதல் புள்ளிக்கே `@20,20` தரலாம். கோடு 70,60-இல் தொடங்கும்.

எந்த முறையை எங்கே எடுப்பது என்பதை அளவுகள் வரும் விதமே தீர்மானிக்கிறது. நில அளவையில் எல்லைக் கற்களின் இடங்கள் ஒரே ஆதாரத்திலிருந்து அளந்த ஆயத்தொலைவுகளாகக் கிடைத்தால் அவற்றை அப்சல்யூட்டாகவே தட்ட வேண்டும். அப்போது ஒரு கல்லின் தவறு அடுத்த கல்லுக்குப் பரவாது. அறை, தகடு, சட்டம் போன்றவற்றின் அளவுகள் பக்கத்துக்குப் பக்கம் தரப்பட்டிருந்தால் ரிலேட்டிவ் முறை கூட்டல் கணக்கைக் குறைக்கும். பெரும்பாலான வரைபடங்களில் முதல் புள்ளி அப்சல்யூட்டாகவும், நேர்ப்பக்கங்கள் `@` வடிவிலும், சாய்ந்த பக்கங்கள் போலார் வடிவிலும் ஒரே `LINE` கட்டளைக்குள் கலந்தே வருகின்றன.