மண்ணுக்குள் ஒரு நுகத்தடி

வண்டி மாடுகள் இரண்டையும் நுகத்தடி விலகவிடாது, நெருங்கவும் விடாது. ஆனால் ஒரு மாடு பள்ளத்தில் இறங்கினால் அதைத் தூக்கி நிறுத்தும் வலு நுகத்தடிக்கு இல்லை. பில்லர்களின் ஃபூட்டிங்குகளை மண்ணுக்குள் இணைக்கும் டை பீமும் இப்படித்தான்.

மாடி வீட்டின் ஒரு பில்லர் 20 டன் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலநடுக்கத்தில் ஃபூட்டிங்குகள் விலகாதிருக்க, டை பீம் அதில் குறைந்தது 5 சதவீத இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநூல் ஐ.எஸ். 1893. அதாவது 1 டன். பீமில் போடும் 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றே 4 டன் தாங்கும். நான்கு கம்பிகள் சேர்ந்தால் 16 டன்!

இனி அதே பீமிடம் வேறு வேலை கேட்போம். 9 அங்குல அகலம், ஓரடி உயரம், 12 அடி நீளம். ஒரு ஃபூட்டிங் மட்டும் கீழே இறங்குகிறது. பீம் வளைந்து கொடுக்கும்; கம்பிகள் இளகுவதற்குள் அது பிடித்துவைப்பது ஏறத்தாழ 1 டன்தான். மீதி 19 டன்னும் மண்ணின் பொறுப்பு. இறங்கும் மண்ணுக்கு மருந்து, அகலமான ஃபூட்டிங் அல்லது கெட்டித்தரை வரை தோண்டும் ஆழம்.

நாமக்கல் கோட்டை நிற்பது ஒரே பாறைமேல். சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியிலும் பல இடங்களில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான்பாறை வந்து கடப்பாரை துள்ளும். தொடர்ச்சியான கருங்கல் அஸ்திவாரத்தில் சுவர் எழுப்பும் தரைத்தள வீட்டுக்கு அங்கே டை பீம் வேண்டியதில்லை. தரநூலின் 2016 பதிப்பு எல்லாத் தனி ஃபூட்டிங்குகளையும் இணைக்கச் சொல்வது நிலநடுக்க மண்டலம் 4, 5-இல்தான். நேரடியாகப் பாறைமேல் நின்றால் அங்கும் விலக்கு உண்டு. அந்தப் பதிப்பின்படி சேலம் இருப்பது மண்டலம் 3-இல்.

ஏரியோரத்து இளகிய மண்ணில் கதை மாறும். அங்கே 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குழாய்மேல் விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் விழ வேண்டும் என எண்ணுவார்கள். பத்துக்கும் குறைவென்றால், எந்த மண்டலமானாலும் டை பீம் இல்லாத தனி ஃபூட்டிங் கூடாது. கரிசல் மண்ணில் இன்னொரு நுட்பம்: மழையில் உப்பும் மண் பீமை மேலே தள்ளாதிருக்க, அடியில் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள்.

பலர் கவனிக்காத இடம் மனையின் எல்லைக்கோடு. பக்கத்து மனைக்குள் ஃபூட்டிங் நீள முடியாது. எனவே 4 அடி ஃபூட்டிங்கின் ஓரத்தில் அதே 20 டன் பில்லர் நிற்கிறது. மையத்திலிருந்து ஒன்றரை அடிக்குமேல் விலகல். அது ஃபூட்டிங்கைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன், நம் டை பீமின் வளைவுவலுவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இங்கே உயரமான, கம்பி கூடிய 'ஸ்ட்ராப் பீம்' தேவை. அதன் மறுமுனை 3 டன் விசையுடன் மேலெழப் பார்க்கும். உள்பக்கப் பில்லரின் எடை அதை அமுக்கிப் பிடிக்கும். ஆகவே வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது எல்லையோரப் பில்லர்களை.