அஷ்டமியா, ரோகிணியா? கிருஷ்ண ஜயந்திக்கு இரண்டு நாள் வருவது ஏன்

2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கிருஷ்ண ஜயந்திக்கு அரசு விடுமுறை செப்டம்பர் 6, புதன்கிழமை. கண்ணன் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் மதுராவில் விழா நடந்ததோ மறுநாள், 7ஆம் தேதி. 2025இல் இடைவெளி இன்னும் பெரிதானது. ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் நாட்டின் பெரும்பகுதி கொண்டாடி முடித்துவிட, குருவாயூரும் உடுப்பியும் செப்டம்பர் 14ஆம் தேதிக்காகக் காத்திருந்தன. பஞ்சாங்கக்காரர்கள் தப்பாகக் கணக்குப் போட்டதால் வந்த குழப்பம் அல்ல இது. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு வெவ்வேறு மரபுகள் வெவ்வேறு விதிப்படி நாளைத் தேர்ந்தெடுப்பதால் வருவது.

கண்ணன் பிறந்த நேரத்துக்கு மரபு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: தேய்பிறை அஷ்டமி, ரோகிணி நட்சத்திரம், நள்ளிரவு. மாதம், தமிழ்நாட்டு வழக்கில் ஆவணி. சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள் ஆடி, ஆவணிகளில் விழக்கூடிய சிராவண மாதத் தேய்பிறையைக் கொள்கிறார்கள். வட இந்தியாவில் அதே தேய்பிறைக்கு பாத்ரபதம் என்று பெயர். மூன்று அடையாளங்களும் ஒரே இரவில் கூடிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. 2024 ஆகஸ்ட் 26 அப்படிப்பட்ட நாள். அன்று விடியும்போதே அஷ்டமி இருந்தது, பிற்பகலில் ரோகிணி பிறந்தது, நள்ளிரவில் இரண்டும் இருந்தன. அதனால் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் அன்றே விழா.

எல்லா ஆண்டும் அப்படிக் கூடாததற்குக் காரணம், திதியும் நட்சத்திரமும் அளக்கும் பொருள் வேறு வேறு என்பதுதான். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள தூரம். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி முடிகிறது. நட்சத்திரத்துக்கும் சூரியனுக்கும் சம்பந்தமே இல்லை. வான வட்டத்தை 27 பங்காகப் பிரித்து, சந்திரன் எந்தப் பங்கில் நிற்கிறது என்று மட்டும் பார்ப்பது நட்சத்திரக் கணக்கு. ரிஷப ராசியில் செந்நிறமாக ஒளிரும் விண்மீனை அடையாளமாகக் கொண்ட பங்கு ரோகிணி. திதி, நட்சத்திரம் இரண்டுமே சராசரியாக ஒரு நாளை ஒட்டி நீளும் என்றாலும், சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதால் சில மணி நேரம் கூடும், குறையும். அவை சூரிய உதயத்தில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. நண்பகலில் பிறக்கும், அதிகாலையில் முடியும்.

தேய்பிறை அஷ்டமியில் சந்திரன் சூரியனுக்குப் பின்னால் ஏறத்தாழ கால் வட்டம் தள்ளி நிற்கும், அதாவது 84 முதல் 96 பாகை வரை. அன்று பாதி நிலா நள்ளிரவை ஒட்டிக் கிழக்கே எழும். அந்தத் தூரத்தில் நிற்கும் சந்திரன் ரோகிணியிலும் இருக்க வேண்டுமென்றால் சூரியன் சிம்ம ராசியின் 4ஆம் பாகையைத் தாண்டியிருக்க வேண்டும். சூரியன் சிம்மத்தில் நுழைவது ஆகஸ்ட் 17 வாக்கில். அங்கிருந்து 4 பாகை நகர இன்னும் நான்கு நாள் ஆகும். ஆகவே ஆகஸ்ட் 20ஆம் தேதிக்குள் அஷ்டமி வந்து போய்விடும் ஆண்டுகளில் அஷ்டமியும் ரோகிணியும் சந்திக்கவே வழியில்லை. அஷ்டமி முடிந்த பிறகுதான் சந்திரன் ரோகிணிக்குள் நுழையும்.

2025இல் அதுதான் நடந்தது. அஷ்டமி ஆகஸ்ட் 15 இரவு 11.49க்குத் தொடங்கி, 16ஆம் தேதி இரவு 9.34க்கு முடிந்தது. ரோகிணி பிறந்ததோ 17ஆம் தேதி விடியற்காலை 4.38க்கு. இடையில் ஏழு மணி நேரம். இப்படிப்பட்ட ஆண்டில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது என்ற இடத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

ஸ்மார்த்தர்களுக்கு நள்ளிரவு முக்கியம். 1612இல் கமலாகர பட்டர் எழுதிய நிர்ணயசிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசிநாத உபாத்யாயர் தொகுத்த தர்மசிந்து போன்ற நூல்கள் அவர்களுக்கு வழிகாட்டி. இரவை 15 முகூர்த்தங்களாகப் பிரித்தால் நடுவில் வரும் எட்டாவது முகூர்த்தம் நிசீதம், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் அஷ்டமி எந்த இரவில் இருக்கிறதோ அன்றே விரதமும் பூஜையும். ரோகிணியும் சேர்ந்தால் சிறப்பு. சேராவிட்டாலும் விழா நிற்காது. இரண்டு இரவிலும் நிசீதத்தில் அஷ்டமி இருந்தாலும், இரண்டிலும் இல்லாமல் போனாலும், பொதுவாக இரண்டாம் நாளே ஏற்கப்படும். வீடுகளில் கோகுலாஷ்டமி என்று திதியின் பெயராலேயே இந்த நாளை அழைப்பதும் இந்த நோக்குக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

நிசீதம் கடிகாரத்தின் 12 மணி அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது அந்தந்த ஊரின் நள்ளிரவு. 2025 ஆகஸ்ட் 15 அன்று சென்னையின் நள்ளிரவு இந்திய நேரப்படி 12.13 வாக்கில் வந்தது. 11.49க்கே அஷ்டமி பிறந்துவிட்டதால் ஸ்மார்த்த விதிப்படி 15ஆம் தேதி பொருந்தியது. அசாமின் கிழக்குக் கோடியில் உள்ள திப்ரூகரிலோ நள்ளிரவு 11.15க்கே வந்துவிடும். அங்கே நிசீதம் கழிந்த பிறகுதான் அஷ்டமி தொடங்கியது. மறுநாள் இரவு நிசீதத்துக்கு முன்பே அது முடிந்தும் போனது. எனவே அதே விதி அங்கே 16ஆம் தேதியைக் காட்டும். ஒரே நூல், ஒரே விதி. ஊர் மாறினால் நாளும் மாறிவிடுகிறது.

வைணவ மரபுகள் பார்ப்பது சூரிய உதயத்தை. உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அந்த நாளின் திதி என்பது அவர்களுக்கு அடிப்படை. உதயத்துக்குப் பிறகு சிறிது நேரம் சப்தமி நீடித்தாலும் அந்த நாள் சப்தமியின் வேதை பட்ட நாள், விரதத்துக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஏகாதசியில் தசமி கலந்த நாளை ஒதுக்குவதும் இதே எண்ணத்தில்தான். கௌடீய வைணவர்கள் இந்தச் சப்தமி வேதையைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள் ஒரு படி மேலே போய் நட்சத்திரத்துக்கும் அதே சோதனை வைக்கிறார்கள். உதயத்தில் கார்த்திகை நட்சத்திரம் மிச்சமிருந்தால் அந்த ரோகிணி தூய்மையானது அல்ல. அதோடு மாதமும் சூரியன் சிம்மத்தில் இருக்கும் ஆவணியாகவே இருக்க வேண்டும். அவர்கள் விழாவுக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்ரீ ஜயந்தி. ஆழ்வார்களுக்கும் ஆசாரியர்களுக்கும் திருநட்சத்திரம் கொண்டாடுகிற மரபு, கண்ணன் பிறந்தநாளிலும் நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

2023ஆம் ஆண்டை இந்த இரண்டு விதிகளிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பர் 6 காலை 9.20க்கு ரோகிணி பிறந்தது, பிற்பகல் 3.37க்கு அஷ்டமி பிறந்தது. 7ஆம் தேதி காலை 10.25க்கு ரோகிணியும் மாலை 4.14க்கு அஷ்டமியும் முடிந்தன. 6ஆம் தேதி நள்ளிரவில் அஷ்டமி, ரோகிணி இரண்டும் இருந்தன. ஸ்மார்த்தர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இரவு கிடைக்காது. ஆனால் அன்று காலை சூரியன் உதித்தபோது இருந்தது சப்தமியும் கார்த்திகையும். வைணவ விதிப்படி நாளே கழிந்துபோனது. 7ஆம் தேதி உதயத்தில் அஷ்டமியும் ரோகிணியும் எந்த வேதையும் இல்லாமல் இருந்ததால் அன்று விழா. அன்று நள்ளிரவில் நவமி வந்துவிட்டதே என்று கேட்டால், உதயத்தில் இருந்த திதிதான் மறு உதயம் வரை செல்லும் என்பது அவர்கள் பதில். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஸ்மார்த்தக் கணக்கே நேரடியாகத் தோன்றும். ஆனால் நாள் என்பது உதயத்தில் தொடங்குகிறது என்ற கருத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால் வைணவக் கணக்கிலும் குறை சொல்ல இடமில்லை.

இப்போது 2025இன் ஒரு மாத இடைவெளிக்கும் விடை கிடைத்துவிடும். ஆகஸ்ட் 16 தமிழ்க் கணக்கில் ஆடியின் கடைசி நாள். ஆவணி பிறந்ததே மறுநாள்தான். சந்திர மாதத்தைப் பின்பற்றும் வட இந்தியக் கோயில்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. அவர்களுடைய மாதத் தேய்பிறை அதுவே. சூரிய மாதத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கோ அது மாதமும் சேராத, ரோகிணியும் சேராத அஷ்டமி. அடுத்த தேய்பிறையில் செப்டம்பர் 14 அன்று விடியற்காலை 5 மணி வாக்கில் அஷ்டமி பிறந்தது. ரோகிணி காலை 8.40 வரை இருந்தது. சூரியன் சிம்மத்திலேயே இருந்தது. உதயத்தில் மூன்றும் கூடிய அந்த நாளைத்தான் குருவாயூர் அஷ்டமிரோகிணியாகக் கொண்டாடியது. சூரிய மாதத்தையே கைக்கொள்ளும் உடுப்பியிலும் அன்றே விழா, மறுநாள் வீதியில் உறியடி.

ஓர் ஆண்டில் இரண்டு நாள் வருமா என்பதை வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டியே ஓரளவு கணித்துவிடலாம். ஆவணித் தேய்பிறையில் ‘சப்தமி’ என்று தொடங்கி, பகலிலோ மாலையிலோ ‘பின்பு அஷ்டமி’ என்று போட்டிருக்கும் தாளைத் தேட வேண்டும். அப்படி ஒரு தாள் இருந்தால் ஸ்மார்த்தர்களுக்கு அன்றும் வைணவர்களுக்கு மறுநாளோ அதற்கும் பிறகோ வர வாய்ப்பு அதிகம். சூரிய உதயத்துக்கு முன்பே அஷ்டமி பிறந்து நள்ளிரவு தாண்டி நீண்டால் திதியளவில் தகராறு இல்லை. நட்சத்திர வரியில் ரோகிணி எப்போது என்று மட்டும் பார்த்தால் போதும். ஆடி முடிவதற்குள் தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் ஆவணி கடைசியில் இன்னொன்று வருகிறதா என்று தாள்களை மேலும் புரட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வேறுபாடு மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இரண்டும் புழங்குகின்றன. பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியத்துக்கும், இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போகும் திருக்கணிதத்துக்கும் இடையே திதி முடியும் நேரம் சில சமயம் மணிக்கணக்கில் மாறும். மேலே சொன்ன நேரங்கள் திருக்கணித முறையில் வருபவை. அஷ்டமி விடியலை ஒட்டியோ நள்ளிரவை ஒட்டியோ பிறக்கும் ஆண்டில் இந்தச் சில மணி நேரமே நாளைப் புரட்டிவிடும். அப்போது ஒரே மரபைச் சேர்ந்த இரண்டு வீடுகள், இரண்டு பஞ்சாங்கங்களைப் பார்த்து, வெவ்வேறு நாளில் சீடைக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்.