இளைஞருக்குச் சிறுநீர் மெல்லிய இழையாக வருவது ஏன்? சிறுநீர்ப்பாதைச் சுருக்கம்: அறிகுறிகளும் சிகிச்சையும்

இடுக்கி / பாலக்காடு: போடிமெட்டு, குமுளி மலைப்பகுதிகளில் ஏலத்தோட்டங்களில் உழைப்போரும், கோவிந்தாபுரம், கோபாலபுரம் எல்லையோரங்களில் தென்னை, பனை ஏறுவோரும் வழுக்கி விழுந்து அடிபடுவது அரிதன்று. கால்களில் ஏற்படும் காயத்துக்கு உடனே மருந்து தேடும் இளைஞர்கள், இரு தொடைகளுக்கு நடுவே பட்ட அடியை வெட்கத்தால் வெளியில் சொல்வதில்லை. வலி ஓரிரு வாரங்களில் மறைந்துவிடுகிறது. அதன் விளைவோ சில மாதங்கள், சில வேளைகளில் சில ஆண்டுகள் கழித்து, சிறுநீர் மெல்லிய இழையாக வரும்போதுதான் தெரியவருகிறது. இந்நிலையே 'யூரித்ரல் ஸ்டிரிக்சர்' எனப்படும் சிறுநீர்ப்பாதைச் சுருக்கம்.

குழாயில் என்ன நிகழ்கிறது?

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் யூரித்ரா என்னும் குழாய், ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் கொண்டது. இதன் ஒரு பகுதி விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே, இடுப்பின் முன்னெலும்புக்கு நேர் கீழே செல்கிறது. பலகை, மரக்கட்டை, மதில் போன்றவற்றின் மீது கால்களை அகற்றிய நிலையில் விழும்போது, இப்பகுதி எலும்புக்கும் கட்டைக்கும் நடுவே நசுங்குகிறது.

நசுங்கிய இடம் ஆறும்போது, மென்மையான உட்சுவருக்குப் பதிலாகத் தடித்த தழும்பு உருவாகிறது. தழும்புக்குச் சுருங்கும் இயல்பு உண்டு. அது குழாயையும் சேர்த்து இறுக்குகிறது. தொடக்கத்தில் சிறுநீர்ப்பையின் தசை கூடுதல் அழுத்தம் கொடுத்து ஈடுசெய்துவிடுவதால் குறை தெரிவதில்லை. உள்விட்டம் பாதிக்கும் கீழே குறைந்த பின்னரே அறிகுறிகள் வெளிப்படுகின்றன. அடிபட்ட நாளுக்கும் அறிகுறிக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுவதற்கு இதுவே காரணம்.

அடிபடுதல் மட்டுமே காரணமன்று. சிறுநீர்க் கத்தீட்டர் செலுத்தும்போது ஏற்படும் காயம், உட்கருவிகளால் செய்யப்படும் சிகிச்சைகள், கொனோரியா என்னும் பால்வினை நோய், ஆணுறுப்பின் தோலில் வெண்மையான தடிப்பை உண்டாக்கும் தோல்நோய் ஆகியவற்றாலும் சுருக்கம் வரலாம். சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு நிலையைக் கற்பனை செய்வோம். ஏலத்தோட்டத் தொழிலாளியான 26 வயது இளைஞர், ஓடையின் குறுக்கே போடப்பட்ட பலகையில் வழுக்கி, அதன் மீதே கால் அகன்று விழுகிறார். அன்று உள்ளாடையில் சில துளி இரத்தம் காணப்படுகிறது. வீக்கம் பத்து நாளில் வடிந்துவிடுகிறது. எட்டு மாதங்கள் கழித்துச் சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருக்கிறது. தாரை இரண்டாகப் பிரிந்து சிதறுகிறது. கழித்து முடித்த பின்னும் துளித்துளியாகச் சொட்டுகிறது. எரிச்சலும் சேர்ந்துகொள்ள, நோய்த்தொற்று எனக் கருதி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி உண்கிறார். எரிச்சல் தணிகிறது, தாரையோ மெலிந்தபடியே இருக்கிறது. சில வாரங்களில் தொற்று மீண்டும் வருகிறது.

தாமதம் நேர்வது இந்த இடத்தில்தான். பையில் தேங்கி நிற்கும் சிறுநீரே தொற்றுக்குக் காரணம் என்பதால், அடைப்பு நீங்காமல் தொற்று முழுமையாக நீங்குவதில்லை. மெலிந்த தாரை என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் புராஸ்டேட் வீக்கம், 40 வயதுக்குட்பட்டோருக்கு அரிதானது. அதற்குரிய மாத்திரை தழும்பைத் தளர்த்தாது.

வீட்டிலேயே ஓர் எளிய கணக்கு உதவும். அளவுக்குறி உள்ள குவளையில் சிறுநீர் கழித்து, அதற்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நலமான இளைஞர் 300 மி.லி. சிறுநீரை ஏறக்குறைய 20 முதல் 30 விநாடிகளில் கழித்துவிடுவார். மேற்கண்ட இளைஞருக்கு 75 விநாடிகள் ஆகின்றன எனில், விநாடிக்குச் சராசரி 4 மி.லி. மட்டுமே. இது நோயை உறுதி செய்யாது. ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய சான்று.

உறுதி செய்யும் பரிசோதனைகள்

முதலில் 'யூரோஃப்ளோ' கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்வர். இயல்பான தாரை வரைபடத்தில் மணி வடிவில் உயர்ந்து தாழும். சுருக்கம் உள்ளவருக்கு மேடு போலத் தட்டையாக நீளும். உச்ச வேகம் விநாடிக்கு 15 மி.லி.க்குக் குறைந்தால் ஐயம் எழும். 150 மி.லி.யாவது கழித்தால்தான் அளவீடு நம்பத்தக்கது. அடுத்து, பையில் மிஞ்சும் சிறுநீரை அல்ட்ராசவுண்ட் காட்டும்.

சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பதைக் காட்டுவது, குழாயின் நுனி வழியே சாயமருந்து செலுத்தி எடுக்கப்படும் 'ஆர்.ஜி.யு.' எக்ஸ்ரே. சிகிச்சையின் தேர்வு பெரும்பாலும் இந்தப் படத்தைப் பொறுத்தே அமைகிறது. சிறுநீர்ப்பை வாய் சரியாகத் திறவாமை, பைத் தசையின் தளர்ச்சி போன்றவையும் மெலிந்த தாரையை உண்டாக்கும். அவற்றுக்கு மருத்துவமே வேறு.

வெட்டிவிடுவதா, சீரமைப்பதா?

மேற்கண்ட இளைஞரின் சுருக்கம் 1.5 செ.மீ. நீளம் என வைத்துக்கொள்வோம். 2 செ.மீ.க்குக் குறைவான, முதல்முறை வரும் சுருக்கத்தை உட்கருவி வழியே கீறி விரிக்கலாம். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். புறத்தே தழும்பு இராது. எனினும் பலருக்குச் சில மாதங்களில் சுருக்கம் மீளும். ஒருமுறை மீண்டபின் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கீறுவதால் நிலையான பயன் கிட்டுவது அரிது. தழும்பு நீளவும் கூடும்.

அந்நிலையில் உரியது 'யூரித்ரோபிளாஸ்டி' என்னும் சீரமைப்பு அறுவை சிகிச்சை. குறுகிய சுருக்கமாயின் தழும்பை வெட்டி அகற்றி, நலமான இரு முனைகளையும் இணைத்துத் தைப்பர். நீண்டதாயின் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்துக் குழாயில் ஒட்டி அகலப்படுத்துவர். எப்போதும் ஈரத்தில் இருக்கும் சவ்வு என்பதால் அது அங்கு நன்கு பொருந்துகிறது. குழாய் முழுதும் சுருங்கியோருக்கு, ஒரு பக்கமாக மட்டும் பிரித்து ஒரே அமர்வில் சீரமைக்கும் முறையைப் புணே மருத்துவர் சஞ்சய் குல்கர்னி வகுத்தார். 2009-இல் வெளியான அம்முறை அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

சீரமைப்புக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்கள் கத்தீட்டருடன் இருக்க வேண்டும். தினக்கூலி பெறுவோர் தயங்குவது இதனால்தான். ஆயினும் அனுபவமிக்கோர் செய்யும்போது பெரும்பாலோருக்கு நீடித்த பலன் கிட்டுகிறது. சிலருக்குச் சொட்டுதல், விறைப்பில் தற்காலிகக் குறை ஆகியவை ஏற்படலாம். இவற்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

எங்கு, எப்போது செல்வது?

நாட வேண்டியது யூராலஜி பிரிவு. சிறுநீரக நோய்களுக்கான நெஃப்ராலஜி அன்று. எல்லைப்பகுதி மக்களுக்குக் கோட்டயம், மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டக்கூடியவை. பழைய அடி எவ்வளவு சிறிதாயினும், எத்தனை ஆண்டுகள் கடந்திருப்பினும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீர் முற்றிலும் நின்று அடிவயிறு உப்பினாலோ, குளிர்க்காய்ச்சலுடன் விதைப்பைப் பகுதி வீங்கிச் சிவந்தாலோ அன்றே மருத்துவமனை சேர வேண்டும். புதிதாக அடிபட்டு நுனியில் இரத்தம் தென்பட்டால், எக்ஸ்ரே எடுக்காமல் கத்தீட்டரை வலிந்து செலுத்தக் கூடாது. கிழிந்த குழாய் மேலும் கிழியலாம். அத்தகைய வேளையில் அடிவயிற்றின் வழியே நேராகப் பைக்குள் குழாய் பொருத்திச் சிறுநீரை வடிப்பதே பாதுகாப்பானது. அடைப்பைப் பல ஆண்டுகள் கவனியாது விட்டால் பையில் கல், பின்னழுத்தத்தால் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தொடரக்கூடும்.