துபாயில் இருந்த அக்கா குரூப் போட்டோவில் வந்தது எப்படி?

கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்கிறார்கள். மணப்பெண்ணின் அக்கா துபாயில் இருக்கிறார், விடுமுறை கிடைக்கவில்லை. அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கும் சித்தி மகளை அந்த இடத்தில் நிற்கவைத்துப் படத்தை எடுத்துவிடுகிறார்கள். பிறகு அக்கா அங்கேயே பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, வீட்டு வெள்ளைச் சுவர் முன் நின்று ஒரு படம் அனுப்புகிறார். அதிலிருந்து அவரைப் பிரித்தெடுத்து, சித்தி மகள் நின்ற இடத்தில் முழுசாக வைக்க வேண்டும்.

புடவை ஓரம், தோள், கை இவற்றையெல்லாம் ஃபோட்டோஷாப் பழகியவர்கள் சீக்கிரமே வெட்டிவிடுவார்கள். ஒட்டவைத்த ஆள் என்று காட்டிக்கொடுப்பது தலைதான். காதோரம் பறக்கும் சுருளும், வகிட்டுக்கு மேல் எழும்பி நிற்கும் குட்டி முடிகளும் ஒன்று மொத்தமாகக் காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் வெள்ளைச் சுவரையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பத்துப் பேர் நிற்கும் மேடை ஐந்து மீட்டர் அகலம் என்று வையுங்கள். படத்தின் அகலம் 6000 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது சுமார் 0.8 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். ஒற்றை முடியால் ஒரு பிக்சலைக்கூட நிரப்ப முடியாது. கொஞ்சம் முடி, மீதி சுவர் என்று கலந்துதான் அந்தப் பிக்சலின் நிறம் உருவாகிறது. அக்காவின் படம் கிட்டத்திலிருந்து எடுத்ததாக இருந்தாலும் தனி முடிகளின் நிலைமை இதேதான். கலந்துபோன நிறத்தில் வெட்டுவதற்குக் கோடு எங்கே இருக்கிறது? கத்தரிக்கோல் வேலை என்று நினைத்து இறங்குகிறவர்கள் தோற்பது இங்கேதான். சுவரின் பங்கை மட்டும் நீக்கிவிட்டு, முடியின் பங்கைப் புது இடத்தின் நிறத்தோடு கலப்பதுதான் செய்ய வேண்டிய வேலை.

பெரும்பாலானவர்கள் நேராக Select and Mask-க்குப் போய், Refine Edge Brush-ஐத் தலையைச் சுற்றித் தேய்த்து, Decontaminate Colors-ஐ டிக் செய்து முடித்துவிடுகிறார்கள். சின்னத் திரையில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆல்பத்தில் பெரிதாக அச்சாகி வரும்போது முடியெல்லாம் பஞ்சு போலத் தெரியும். கறுப்பு முடி, வெளிர் சுவர் என்ற நம் ஊர்ப் படங்களுக்கு இதைவிடப் பழைய, எளிய வழி ஒன்று இருக்கிறது. அதில் மாஸ்க் வேலையே குறைவு.

அக்காவின் படத்தை இரண்டு லேயராக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதில் Levels-ஐத் திறந்து, தலைக்குப் பக்கத்துச் சுவர் தூய வெள்ளை ஆகும்வரை வெளிச்சப் பக்கத்து முக்கோணத்தை உள்ளே நகர்த்துங்கள். முடி வெளுக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பிறகு அந்த லேயரின் கலப்பு முறையை Multiply என்று மாற்றுங்கள். வெள்ளை எந்த நிறத்தோடு பெருக்கினாலும் அந்த நிறமே மிஞ்சும் என்பதால் சுவர் மறைந்துவிடும். பறக்கும் முடி ஒவ்வொன்றும், பாதி முடியாக இருந்த பிக்சல் உட்பட, தன் கருமையின் அளவுக்குப் புதுப் பின்னணியைக் கருக்கும். இந்த லேயர் தலையைச் சுற்றிய ஒரு பட்டைக்கு மட்டும் போதும், மற்ற இடங்களை மாஸ்க்கில் மறைத்துவிடலாம்.

மேலே உள்ள லேயர் சாதாரண முறையில் இருக்கட்டும். முகம், உடல், கொண்டை ஆகியவை அதில்தான். அதன் மாஸ்க் முடியின் விளிம்புவரை போகக் கூடாது. அடர்த்தியான கறுப்புக்குள் சில பிக்சல் உள்ளேயே, மென்மையான பிரஷ்ஷால் முடிய வேண்டும். விளிம்பைக் கீழ் லேயர் பார்த்துக்கொள்ளும்.

மல்லிகையில் கவனம் தேவை. பூவும் வெள்ளை, சுவரும் வெள்ளை என்பதால் Multiply இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடும், சரம் இருந்த இடத்தில் மேடை தெரியும். தானாகத் தேர்வு செய்யும் கருவிகளும் இந்த இடத்தில் தடுமாறும். பூச்சரத்தை மட்டும் பென் டூலால் கையாலேயே சுற்றி வரைந்து மேல் லேயரில் சேர்ப்பதுதான் வழி. பொறுமை வேண்டிய வேலை, குறுக்கு வழி கிடையாது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. Multiply-யால் கருக்க மட்டுமே முடியும். மேடைத் திரை கருஞ்சிவப்பு வெல்வெட் என்றால் பறக்கும் முடி அதில் கரைந்துபோகும். பின்பக்கத்திலிருந்து விளக்கு அடித்தால் பக்கத்தில் நிற்பவர்களின் முடியோரம் பொன்னிறமாக மின்னும், அக்காவுக்கு மட்டும் அது இருக்காது. அப்போது தனி லேயரில், ஒன்று அல்லது இரண்டு பிக்சல் பிரஷ்ஷால், பக்கத்து ஆளின் மின்னும் முடியிலிருந்தே நிறம் எடுத்துச் சில இழைகளை வரைய வேண்டும். வேரில் தடித்து நுனியில் மெலியும்படி, சீராக இல்லாமல், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி வரையுங்கள். ஏழெட்டு இழை போதும். அதற்கு மேல் போனால் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும்.

அக்காவின் படம் பெரிதாக இருந்தால் முழு அளவிலேயே இந்த வேலையை முடித்துவிட்டு, பிறகு மேடையின் அளவுக்குச் சுருக்குங்கள். சுருங்கும்போது மெல்லிய முடிகள் தாமாகவே மங்கும். பக்கத்தில் நிற்பவர்களின் முடியும் அந்தத் தூரத்தில் அவ்வளவுதான் தெரியும். பறக்கும் ஒவ்வொரு முடியையும் காப்பாற்றத் துடிப்பது வீண் வேலை என்பது என் கருத்து. பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் இழை இழையாக முடி தெரிந்தால், நேர்த்தி என்று யாரும் மெச்ச மாட்டார்கள், அங்கேதான் சந்தேகம் பிறக்கும்.

பலரும் மறப்பது சித்தி மகளின் முடி. அக்கா ஒல்லியாக இருந்து, நின்றவளின் கொண்டை பெரிதாக இருந்தால், அக்காவின் தலைக்குப் பின்னால் இன்னொருத்தியின் முடி எட்டிப் பார்க்கும். அதை க்ளோன் டூலால் அழித்து மேடை அலங்காரத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. படம் எடுத்த கையோடு, கேமராவை அசைக்காமல், எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் மேடையை ஒரு கிளிக் எடுத்துவைத்தால் அந்தப் பாடு மிச்சம். அக்காவுக்குப் பின்னால் தேவையான துண்டை அதிலிருந்து அப்படியே வைத்துவிடலாம். தான் நின்ற படத்தில் தான் இருக்கப்போவதில்லை என்பதைச் சித்தி மகளிடம் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஆளுக்குப் பின்னால் ஒரு லேயரை முதலில் அடர் சிவப்பாலும் பிறகு வெளிர் சாம்பலாலும் நிரப்பி, நூறு சதவீத அளவில் தலையைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பின் மேல் வெளிர் வளையம் தெரிந்தால் மேல் லேயரின் மாஸ்க் விளிம்புவரை போயிருக்கிறது, அதை உள்ளே தள்ள வேண்டும். சாம்பலின் மேல் அழுக்குத் திட்டு தெரிந்தால் சுவர் முழுசாக வெள்ளை ஆகவில்லை, Levels-க்குத் திரும்பிப் போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து படம் அனுப்பப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரை ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள், நிழல் முடியோடு கலக்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, விவரமும் நசுங்கி, முடியோரம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அப்படி உடைந்த முடியை எந்த ஸ்டுடியோவாலும் மீட்க முடியாது.