ஏழு நாள் கடனை முப்பதாக்கும் கடிதம்

மொத்த வியாபாரியிடம் கூடுதல் கடன் நாள் கேட்பதைப் பெரும்பாலான கடைக்காரர்கள் போனிலேயே முடித்துக்கொள்வார்கள். அண்ணாச்சியும் நல்ல மனநிலையில் இருந்தால் “பாத்துக்கலாம் தம்பி” என்பார். எட்டாம் நாள் சரக்குக்குச் சொல்லும்போதுதான் விஷயம் தெரியும். பில் போடும் பையன் “பழைய பாக்கி நிக்குதுண்ணே, பில் ஏறாது” என்பான். அவன் பார்க்கும் கணினியில் அந்தக் கடையின் பேருக்கு எதிரே இன்னமும் ஏழு நாள் என்றுதான் பதிவாகியிருக்கும். அண்ணாச்சி சொன்னது அண்ணாச்சியின் காதோடு போய்விட்டது. மின்னஞ்சல் வேண்டியிருப்பது இதற்காகத்தான். அதை அவர் மகனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அப்படியே அனுப்பலாம். பின்னால் பேச்சு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை. பைப், ஃபிட்டிங்ஸ், குழாய், வால்வு எல்லாம் மதுரையில் ஒரே மொத்தக் கடையிலிருந்து வருகின்றன. மாதக் கொள்முதல் வரியோடு சேர்த்து 2 லட்சம் ரூபாய். அதில் பைப் 80,000, மற்றவை 1,20,000. கடன் ஏழு நாள். ஃபிட்டிங்ஸ் கடையில் விற்காமல் இருப்பது சராசரியாக 35 நாள். வாங்குகிறவர் பெரும்பாலும் வீடு கட்டும் கான்ட்ராக்டர். அவர் பணம் தர மேலும் 15 நாள். ஆக, சரக்கு வந்த ஏழாம் நாள் கையைவிட்டுப் போகும் பணம் ஐம்பதாம் நாள்தான் திரும்புகிறது. இடையில் உள்ள 43 நாளைத் தாங்குவது கடைக்காரரின் சொந்தப் பணம், அல்லது ரெண்டு வட்டிக்கு வாங்கிய பணம். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம்.

இந்தக் கணக்கு கடைக்காரருக்கு மனப்பாடம். அதனால் கடிதத்திலும் இதையே எழுதிவிடுகிறார்: வியாபாரம் மந்தம், கான்ட்ராக்டர் பணம் வரவில்லை, கொஞ்சம் டைம் கொடுங்கள். படிக்கிற அண்ணாச்சிக்கு இதில் ஒரே சேதிதான் கிடைக்கும். இந்தக் கடையில் பணம் முடங்குகிறது, இருக்கும் பாக்கியை முதலில் வசூல் பண்ணு என்பதே அது. கஷ்டத்தைச் சொல்லிக் கடன் கேட்டால், கடன் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

எழுத வேண்டியது அண்ணாச்சியின் பக்கத்துக் கணக்கு. அவருக்கு நூறு ரூபாய் பில்லில் நாலு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 லட்சம் வியாபாரத்தில் இந்தக் கடையால் அவருக்குக் கிடைப்பது 96,000 ரூபாய். எல்லாச் சரக்குக்கும் 30 நாள் கேட்டால் அவர் தயங்குவார். அதற்குக் காரணம் பைப். சில பைப் கம்பெனிகள் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டுதான் லோடு ஏற்றும். பிசின் விலை ஏறி இறங்குவதால் பைப் விலையும் நிலையாக நிற்காது. லாபமும் அதில்தான் குறைவு. ஆகவே பைப்பை ஏழு நாளிலேயே விட்டுவிட்டு, மற்ற 1,20,000 ரூபாய்ச் சரக்குக்கு மட்டும் 30 நாள் கேட்பது புத்திசாலித்தனம். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய்ச் சரக்கு. கூடுதலாக 23 நாள். அண்ணாச்சி வெளியே விட்டு வைக்க வேண்டிய கூடுதல் பணம் 92,000 ரூபாய். அவருடைய வங்கி ஓடிக்கு 11 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 10,000 ரூபாய். தன் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. நிலையாக வாங்கும் ஒரு கடையைத் தக்கவைக்க இதை அவர் கொடுக்கக்கூடும்.

ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுப்பது வட்டி இல்லை. இந்தக் கடை ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர் பயம். பாக்கி ஒன்றரை லட்சம் போய்விட்டால், நாலு சதவீத லாபத்தில் அதை மீட்க 37 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு விற்க வேண்டும். இதே அளவு கடை ஒன்றோடு ஒன்றரை வருடத்துக்கும் மேல் வியாபாரம் செய்தால்தான் அது முடியும். நாளை மட்டும் கேட்டு, எவ்வளவு ரூபாய் வரை என்று சொல்லாத கடிதம் தோற்பது இங்கேதான். உச்சவரம்பை நாமே எழுதிவிட வேண்டும். நம் கணக்கில் பைப் பாக்கி ஏழு நாளுக்குச் சுமார் 19,000, மற்றவை 1,20,000. வரம்பு ஒன்றரை லட்சம் என்றால் போதும்.

இனி கடிதம்.

“பொருள்: ஃபிட்டிங்ஸ் பில்களுக்கு 30 நாள் கடன், வரம்பு ரூ. 1,50,000

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஜூலை முதல் இந்த ஜூன் வரை உங்களிடம் 50 பில்களில் சுமார் 24 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்திருக்கிறோம். 48 பில்களுக்கு ஏழு நாளுக்குள் பணம் வந்திருக்கிறது. ஆகஸ்டில் ஒரு பில் ஐந்து நாளும், பொங்கல் விடுமுறையில் ஒரு பில் மூன்று நாளும் தாமதமாயின. இரண்டையும் முன்கூட்டியே போனில் சொன்னோம். செக் எதுவும் திரும்பியதில்லை. எங்கள் லெட்ஜரை இணைத்திருக்கிறேன். உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பைப் தவிர மற்ற சரக்குக்கு, பில் தேதியிலிருந்து 30 நாள் கடன் கேட்கிறேன். பைப்புக்கு இப்போதுள்ள ஏழு நாளே இருக்கட்டும். மொத்தப் பாக்கி எந்த நாளிலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. தாண்டினால் பில் போட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடலாம். ரேட்டும் டிஸ்கவுண்டும் இப்போது உள்ளபடியே தொடர வேண்டுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து: கெடு தேதியில் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், லைனுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. இப்போது இரண்டு கடைகளில் வாங்கும் வால்வு, குழாய் வகையை முழுவதும் உங்களிடமே எடுக்கிறோம்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் சரிதான். இந்த மாதம் 25-ம் தேதிக்குள் பதில் கிடைத்தால் ஆகஸ்ட் ஆர்டரை அதற்கேற்பப் போட வசதியாக இருக்கும்.”

தாமதமான இரண்டு பில்களை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். அண்ணாச்சியின் லெட்ஜரில் அவை இருக்கின்றன. “ஒரு நாளும் தவறியதில்லை” என்று எழுதினால் கணக்குப்பிள்ளை அவற்றைத்தான் முதலில் எடுத்து வைப்பார். கஷ்டம் பற்றி ஒரு சொல்கூட இல்லாததையும் கவனிக்கலாம்.

அனுப்பும் நாளும் முக்கியம். மார்ச்சில் வேண்டாம், வருடக் கணக்கு முடிக்கும் மாதம், எல்லோரும் வசூலில் இருப்பார்கள். தீபாவளிக்கு முன்னும் அப்படியே. கட்டுமானச் சரக்கு வியாபாரத்தில் ஆடி நல்ல மாதம். ஆடியில் பலர் புதிதாக மனை போடமாட்டார்கள், மொத்தக் கடையிலும் சரக்கு மெதுவாக நகரும், நிலையாக வாங்குகிறவனை விட மனம் வராது. ஒரு பெரிய பில்லுக்குப் பணம் போட்ட மறுநாள் அனுப்பினால் இன்னும் நல்லது.

பதிலில் “சரி” என்று வந்தால்தான் உஷாராக இருக்க வேண்டும். கடனுக்கு வட்டி கேட்கும் மொத்த வியாபாரி குறைவு, ரேட்டில் எடுத்துக்கொள்வார்கள். விலைப்பட்டியலில் 42 சதவீதம் டிஸ்கவுண்ட் தந்துகொண்டிருந்தவர், 30 நாள் கொடுத்ததும் 40 ஆக்கிவிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டே சதவீதம் என்று தோன்றும். நூறு ரூபாய்ப் பட்டியல் விலையுள்ள பொருளுக்கு முன்பு 58 ரூபாய் கொடுத்தோம், இப்போது 60. ஏறியது ஏறக்குறைய மூன்றரை சதவீதம். மாதம் 1,20,000 ரூபாய்ச் சரக்கில் இது 4,100 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்குச் சுமார் 50,000. அதற்கு ஈடாகக் கையில் தங்குவது 92,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு ஐம்பது சதவீதத்தைத் தாண்டிய வட்டி. ரெண்டு வட்டிக்காரரே தேவலை. கடிதத்தில் ரேட் பற்றிய அந்த ஒற்றை வரி இருப்பது இதனால்தான். பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்து, ஒரே அயிட்டத்துக்கு டிஸ்கவுண்ட் எவ்வளவு என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கேஷ் டிஸ்கவுண்டிலும் இதே பொறி உண்டு. ஏழு நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும் கடையில், அதை விட்டு 30 நாளுக்குப் போனால், 23 நாளைக்கு 2 ரூபாய் கொடுத்து 98 ரூபாய் வைத்துக்கொண்ட கணக்கு. ஆண்டு வட்டியில் அது 32 சதவீதம். அங்கே வங்கி ஓடியில் எடுத்து ஏழாம் நாளே கட்டுவது லாபம். கூடுதல் நாள் கேட்டுக் கடிதமே எழுத வேண்டாம்.

அண்ணாச்சி ஜாமீனாக ஒரு செக் கேட்கக்கூடும். கையெழுத்து மட்டும் போட்டு மற்றதை வெறுமையாகக் கொடுக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அப்படிக் கொடுத்த செக்குக்கும் சட்டத்தில் கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவர் தலையில் விழும். பெயரையும், வரம்புக்குள் ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்து, செக் எண்ணையும் எதற்காகக் கொடுத்தது என்பதையும் அதே மின்னஞ்சல் தொடரில் பதிந்துவிட வேண்டும்.

நாற்பத்தைந்து நாள் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் அந்தச் செலவை, பணம் கட்டிய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். வாங்கி விற்கும் மொத்த வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் சலுகைக்காக மட்டும் தரப்பட்டது என்பதால், நம் மதுரை அண்ணாச்சி விஷயத்தில் இந்தக் கெடு பொதுவாக வராது. 30 நாள்தான் கேட்கிறோம் என்பதால் கவலையும் இல்லை.

பெரும்பாலும் வரும் பதில் நடுவில் எங்காவது நிற்கும்: “21 நாள் வச்சுக்கலாம், லிமிட் ஒன்றேகால் லட்சம்.” ஏற்றுக்கொள்ளலாம். பதினாலு நாள் கூடுகிறது; 56,000 ரூபாய் கையில் தங்கும். கிடைத்ததும் அந்தப் பணத்துக்குப் புதுச் சரக்கு ஏற்றிவிடக் கூடாது, கான்ட்ராக்டருக்கு மேலும் ஒரு வாரம் விட்டுக்கொடுக்கவும் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் 21-ம் நாள் மறுபடி பணம் தேட வேண்டிவரும். அடுத்த லோடு வந்ததும் பில்லில் கெடு தேதியைப் பாருங்கள். இன்னும் ஏழாம் நாளே அச்சாகியிருந்தால், அண்ணாச்சியைத் தொந்தரவு செய்யாமல், அவருடைய பதில் மின்னஞ்சலைக் கணக்குப்பிள்ளைக்கு அன்றைக்கே அனுப்பி மாற்றச் சொல்லிவிடுங்கள்.