தோசைக்கல்லுக்கு மேல் வைத்த அட்டை

என் சித்தி மகள் வீட்டிலிருந்தே வார்ப்பு இரும்பு தோசைக்கல் விற்கிறாள். மாதத்துக்கு நாற்பது, ஐம்பது கல் கூரியரில் போகும். பாதி வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்டு வாங்குபவர்களுக்கு, மீதி ஆன்லைன் சந்தை வழியாக. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நன்றி அட்டை வைக்கிறாள். ஒரு நாள் அந்த அட்டையை என்னிடம் நீட்டி, “அக்கா, நீங்க பத்திரிகையில எழுத்தைத் திருத்துறவங்கதானே, இதையும் கொஞ்சம் பாருங்க. ஆயிரம் அட்டை அடிச்சேன், ஒருத்தரும் ரிவ்யூ எழுத மாட்டேங்கறாங்க” என்றாள்.

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “அன்பார்ந்த வாடிக்கையாளரே! எங்கள் தரமான தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு மனமார்ந்த நன்றி. தங்களின் மேலான ஆதரவே எங்கள் வளர்ச்சி. பிடித்திருந்தால் 5 ஸ்டார் ரிவ்யூ போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், உங்களுக்கு 50 ரூபாய். குறை இருந்தால் ரிவ்யூ போடும் முன் எங்களை அழைக்கவும்.”

பெட்டியைத் திறக்கும் பெண்மணியை நினைத்துப் பார்த்தேன். கல்லின் மேல் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இன்னும் காயவில்லை. அவர் இன்னும் ஒரு தோசைகூடச் சுடவில்லை. அதற்குள் ஐந்து நட்சத்திரம் கேட்கிறோம். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி உடையாமல் வந்ததா, இரண்டு நாளில் வந்ததா என்பதுதான். எழுதினாலும் அதைத்தான் எழுதுவார். அடுத்து வாங்க நினைப்பவருக்கு அது பயன்படாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. புதுக் கல்லில் முதல் சில நாள் தோசை ஒட்டும். நனைத்து வைத்தால் மறுநாள் காலை பழுப்பாகத் துரு படியும். இரும்பைத் தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம். நான்ஸ்டிக்கில் பழகிய தலைமுறைக்கு அது ஏமாற்றுப் பொருள். “ஒட்டுகிறது, துருப்பிடித்த கல்லை அனுப்பிவிட்டார்கள்” என்று ஒரு நட்சத்திரத்தோடு வந்த சில ரிவ்யூக்களை அவள் எனக்குக் காட்டினாள். அவற்றில் ஒன்றுகூட கல்லின் குறையைச் சொல்லவில்லை. கல்லைப் பழக்கும் முறை யாரும் சொல்லித் தரவில்லை என்பதைத்தான் சொல்லின. அந்த அட்டை செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

ஆகவே முதலில் அட்டையின் பின்பக்கத்தை எழுதினோம். தொழிற்சாலை எண்ணெய் போகத் தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு, மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரிலோ வடிகஞ்சியிலோ ஊற வைத்து, தினமும் நீரை மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு அடுப்பில் ஈரம் போகக் காய வைத்து, சூடு தணிந்ததும் நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவி இரவு முழுக்க விட வேண்டும். மறுநாள் கழுவி மறுபடி எண்ணெய். இப்படி மூன்று, நான்கு நாள். கடைசியில் வெங்காயத்தைக் கல் முழுவதும் வதக்கி, அதை எடுத்துப் போட்டுவிட்டு முதல் தோசை. இதோடு இரண்டு எச்சரிக்கைகள்: ஈரத்தோடு கவிழ்த்து வைக்காதீர்கள், கொதிக்கும் கல்லைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடிக்காதீர்கள், வார்ப்பு இரும்பு வெடிக்கும். துரு வந்தால் தேய்த்து எண்ணெய் தடவினால் போய்விடும், கல் கெட்டுப்போகவில்லை என்பதற்கும் ஒரு வரி.

இப்படி எழுதியதும் அட்டை சமையலறையில் தங்கும் பொருளாகிவிட்டது. வெறும் நன்றி மட்டும் எழுதிய அட்டை பெட்டியோடு குப்பைக்குப் போகும். பல நாள் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய முறை இருந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பார்கள். கல் பழகி முடிகிறபோதும் அட்டை கண்ணெதிரே இருக்கும். ரிவ்யூ கேட்பதற்கு நமக்கு வேண்டிய நாள் அதுதான்.

அடுத்து அந்தக் கோரிக்கை. முதலில் 50 ரூபாயை அடித்தேன். அவளுக்கு அதில் மனத்தாங்கல்; “எல்லாரும் குடுக்கறாங்களே” என்றாள். அமேசான் 2016 அக்டோபரிலேயே பணத்துக்கோ இலவசப் பொருளுக்கோ எழுதப்படும் ரிவ்யூக்களைத் தடை செய்துவிட்டது. கூகுளும் அனுமதிப்பதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே IS 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அட்டையை ஒரு வாடிக்கையாளர் படமெடுத்துப் புகார் செய்தால் போதும், விற்பனைக் கணக்கே முடங்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காசு வாங்கி எழுதியவருக்கும் நமக்கும் உள்ள கணக்கு அந்த 50 ரூபாயோடு தீர்ந்துவிடுகிறது. பிறகு அவர் ஏன் நம்மை நினைக்க வேண்டும்?

கடைசி வரியில்தான் எனக்கே தயக்கம் வந்தது. “நிறை இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்” என்ற பலகை தொங்காத சாப்பாட்டுக்கடை நம் ஊரில் உண்டா? சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பணிவான வாசகம். கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும்போது அதில் தவறும் இல்லை. ஆனால் அதே வாசகம் ரிவ்யூ கேட்கும் அட்டையில் ஏறும்போது வேறு வேலை செய்கிறது. மகிழ்ந்தவர்களை மட்டும் பொதுவெளிக்கு அனுப்பி, மனம் நொந்தவர்களைத் தனி வழியில் திருப்பிவிடுகிறது. படிக்கிறவர்களுக்குக் கிடைப்பது வடிகட்டிய கருத்து. இப்படிப் பிரித்துக் கேட்பதை அமேசானும் கூகுளும் விதிகளில் தடுத்திருக்கின்றன. ஆகவே உதவிக்கு அழைப்பதையும் ரிவ்யூ கேட்பதையும் பிரித்து வைத்தோம். உதவி எல்லாருக்கும், எப்போது வேண்டுமானாலும். ரிவ்யூவும் எல்லாரிடமும், “பிடித்திருந்தால்” என்ற சொல் இல்லாமல்.

“அன்பார்ந்த”, “மனமார்ந்த”, “மேலான” ஆகிய மூன்றும் போயின. வங்கிக் கடிதத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் படித்துப் படித்துத் தேய்ந்த சொற்கள். கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அவற்றின் இடத்தில், அவள் உண்மையிலேயே என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஒவ்வொரு கல்லையும் கரண்டியால் தட்டிப் பார்ப்பாளாம். கணீரென்றால் நல்ல கல். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், ஒதுக்கிவிடுவாள். இதை ஏன் அட்டையில் சொல்லவில்லை என்றேன். “அதைப் போய் என்னத்தைச் சொல்றது” என்றாள். அதைத்தான் சொல்ல வேண்டும். திருத்திய முன்பக்கம் இப்படி வந்தது:

“வணக்கம். இந்தக் கல்லை நான் தட்டிப் பார்த்து, எண்ணெய் தடவிக் கட்டினேன். உங்கள் வீட்டுக்கு வந்ததில் மகிழ்ச்சி. முதல் சில நாள் தோசை ஒட்டலாம். கல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பழக்கும் முறை பின்பக்கத்தில் இருக்கிறது. எங்காவது தடுமாறினால் கல்லைப் படமெடுத்துக் கீழே உள்ள எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நானே பதில் சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து நாள் சுட்ட பிறகு, கல் எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி இங்கே எழுதுங்கள். வாங்கலாமா என்று யோசிக்கும் இன்னொருவருக்கு அது உதவும். நன்றி.”

அடியில் அவள் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். அவள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் கல்லைக் கட்டுவது உதவிக்கு வரும் அம்மா. அன்றைக்கு அந்த அம்மா பெயர்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். “நான் தட்டிப் பார்த்தேன்” என்பது ஒரு பெட்டியில் பொய்யானாலும் அந்த வரி மதிப்பிழந்துவிடும்.

ஆன்லைன் சந்தை வழியாகப் போகும் பெட்டிகளுக்கு வேறு அட்டை. அங்கே வாங்கியவரைத் தன் வாட்ஸ்அப்புக்கோ தன் கடைக்கோ இழுப்பதைச் சந்தைகள் ஏற்பதில்லை. ஆகவே அதில் எண்ணை எடுத்துவிட்டு, “உங்கள் ஆர்டர் பக்கத்திலிருந்தே எங்களுக்குக் கேள்வி அனுப்பலாம்” என்று மாற்றினோம். பின்பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அச்சில் பட்ட பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய அட்டை பளபளப்பு லேமினேஷன். பேனா மை அதில் ஒட்டாமல் இழுகிவிடும். மங்கலான, பூச்சில்லாத தாளுக்கு மாறினோம். அளவு A6, அதாவது A4 தாளில் நான்கு. கியூஆர் கட்டம் முன்பு மெரூன் நிறத்தில் தங்க மையால் அச்சாகியிருந்தது. பார்க்க அழகு, டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியதால் போன் படிக்கவில்லை. இப்போது வெள்ளையில் கறுப்பு, இரண்டரை சென்டிமீட்டர், சுற்றிலும் வெற்றிடம். ஆயிரம் அடிக்கும் முன் ஒன்றை அச்சிட்டு, அவள் மாமியாரின் பழைய போனில் அடுப்பங்கரையில் வைத்துச் சோதித்தோம். அதைத் திறந்தால் கூகுளில் ரிவ்யூ எழுதும் இடம் நேராக வரும். முன்பு முகப்புப் பக்கத்துக்குப் போய், எழுதும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. பலர் அங்கேயே விட்டிருப்பார்கள். கல்லின் எண்ணெய் தாளில் ஊறிக் கறையாகும் என்பதால் அட்டையைக் கல்லோடு வைக்காமல் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுகிறாள்.

மாறியதா என்று எப்படித் தெரியும்? ரிவ்யூ எண்ணிக்கையை வைத்து அவசரப்பட வேண்டாம் என்றேன். ஐம்பது பெட்டியில் ஒரு மாதம் இரண்டு பேரும் மறுமாதம் நான்கு பேரும் எழுதுவது தற்செயலாகவும் நடக்கும். அதைவிட வரும் செய்திகளைப் படிக்கச் சொன்னேன். முன்பு “துரு பிடிச்சிருக்கு, பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்று வந்தது. இப்போது கல்லின் படம் போட்டு “மூணாவது நாள், இந்த நிறம் சரியா?” என்று கேட்கிறார்கள். அவளும் மாலையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறாள். அந்த எண்களை விளம்பரக் குழுவில் சேர்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லைப் பற்றிக் கேட்கக் கொடுத்த எண் அது.

இரண்டு வாரம் கழித்து நான்கு நட்சத்திரத்தோடு ஒரு ரிவ்யூ வந்தது. கல் நல்ல கனம், ஆறாம் நாளிலிருந்து தோசை முறுகலாக வருகிறது, ஆனால் கைப்பிடி மிகவும் சுடுகிறது, முதல் நாளே விரலைச் சுட்டுக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். அவள் அதற்கு அங்கேயே மன்னிப்பும் நன்றியும் எழுதிவிட்டு எனக்கு அனுப்பினாள். அடுத்த அச்சில் பின்பக்கத்தின் முதல் வரி, “கைப்பிடியும் இரும்புதான், துணி பிடித்து எடுங்கள்.”